முக்கால் மணியில் நின்றுபோகும் இன்வெர்ட்டர்

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இன்று தமிழ்நாட்டில் நடக்கும் உண்மையான சோதனை, மாதாந்திரப் பராமரிப்புக்காக அறிவிக்கப்படும் மின்தடைதான். காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் பிற்பகலிலோ மாலையிலோதான் திரும்பும். அந்த நாளில் பல வீடுகளில் ஒரே கதை நடக்கிறது. பத்து மணிக்குள் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கும், மின்விசிறி நிற்கும், கடைக்கு போன் போகும். "பேட்டரி வீக் ஆகிடுச்சு சார், மாத்திடலாம்" என்று பதில் வரும்.

2008-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் பேட்டரி மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருந்தார்கள். இப்போது அந்த அவசியம் இல்லை. மாடிப்படிக்கு அடியில், துணிக்கூடைக்குப் பின்னால், மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காமல் அது கிடக்கிறது. அந்தக் காலத்தில்தான் அது கெடுகிறது. சீக்கிரம் இறங்கிப்போகும் பேட்டரிகள் எல்லாமே ஆயுள் முடிந்தவை அல்ல. தண்ணீர் குறைந்தது, டெர்மினல் தளர்ந்தது, இன்வெர்ட்டரின் பின்பக்க ஸ்விட்ச் தவறாக இருந்தது என்று சாதாரணக் காரணங்கள் முதலில் வருகின்றன. அவற்றைக் கவனிக்காமல் விட்டால், மூன்றுமே கடைசியில் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகும் சல்பேஷனில் கொண்டுபோய் விடுகின்றன. ஆரம்பத்தில் பிடித்தால் மீட்கலாம். தாமதித்தால் முடியாது.

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 900 விஏ இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி, வாங்கி மூன்று ஆண்டுகள். மூன்று மின்விசிறி, நான்கு எல்இடி பல்பு, ஒரு வைஃபை மோடம். புதிதில் நாலு மணி நேரம் ஓடியது இப்போது முக்கால் மணியில் நின்றுவிடுகிறது. அந்த வீட்டு அம்மாவுக்குக் கடைக்காரர் சொன்ன தீர்ப்பில் நம்பிக்கை இல்லை. தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

முதலில் அவர் பேட்டரியைத் தொடவே இல்லை, கணக்குத்தான் போட்டார். பழைய வகை மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட், மூன்றுக்கு 225. பல்புகளும் மோடமும் சேர்ந்து ஐம்பது. மொத்தம் 275 வாட். இன்வெர்ட்டருக்குள் கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரி சுமார் 330 வாட் கொடுத்தாக வேண்டும். 12 வோல்ட்டில் அது 28 ஆம்பியர்.

பேட்டரி மேல் எழுதியிருக்கும் 150 ஏஹெச் என்பது 20 மணி நேரக் கணக்கு. மணிக்கு ஏழரை ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால்தான் அது முழுசாகக் கிடைக்கும். 28 ஆம்பியர் வேகத்தில் இழுத்தால் கிடைப்பது குறையும், 115 அளவில் நிற்கும். அதை 28-ஆல் வகுத்தால் நாலு மணி நேரம். புதிதில் இந்த வீட்டில் ஓடியதும் அதுதான். மூன்று வயது பேட்டரி மூன்று மணி நேரம் ஓடினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. முக்கால் மணி என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

இந்தக் கணக்கை எல்லா வீட்டிலும் முதலில் போட வேண்டும். புதிதாக ஒரு ஃபிரிட்ஜோ மிக்ஸி பாயிண்ட்டோ இன்வெர்ட்டர் லைனில் சேர்ந்திருந்தால், நல்ல பேட்டரியும் கெட்டதுபோலத்தான் தெரியும்.

அடுத்து அவர் குனிந்து பார்த்தது மிதவைகளை. டியூபுலர் பேட்டரியில் ஆறு செல், ஆறு வாய். ஒவ்வொரு வாயிலும் ஒரு மிதவைக் குச்சி நிற்கும். தண்ணீர் போதுமான அளவில் இருந்தால் பச்சைக் குறி தெரியும், குறைந்தால் சிவப்பு வரை இறங்கும். அந்த வீட்டில் நாலு குச்சி நடுவில் நின்றன, இரண்டு சிவப்புக்கும் கீழே போயிருந்தன.

"தண்ணி எப்பம்மா ஊத்துனீங்க?"

"போன தீபாவளிக்கு ஊத்துன ஞாபகம் தம்பி."

உள்ளே இருப்பது தண்ணீரில் கலந்த கந்தக அமிலம். சார்ஜ் ஏறி முடியும் நேரத்தில் ஒரு செல்லின் மின்னழுத்தம் 2.4 வோல்ட்டைத் தொட்டால், உள்ளே போகும் கரண்ட் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். மூடியின் துளை வழியாக அந்த வாயு வெளியேறும். பேட்டரி அருகே தீக்குச்சி கிழிக்கக் கூடாது, காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் அடைக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். இப்படி வெளியேறுவது தண்ணீர் மட்டும்தான், அமிலம் உள்ளேயே இருக்கும். அதனால் திரும்ப ஊற்ற வேண்டியதும் தண்ணீர் மட்டும்தான், அதிலும் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரைடு தகட்டை அரிக்கும். இரும்புச் சத்து இருந்தால் பேட்டரி சும்மா இருக்கும்போதே சார்ஜை இழக்கும். ஆர்ஓ தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் அதிலும் கரைந்த உப்பு மிச்சம் இருக்கும். ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரில் தூசியும் செம்புச் சுருளின் துகளும் கலந்திருக்கும்.

எப்போது ஊற்றுவது என்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. தகடுகள் மூழ்கித்தான் இருக்கின்றன என்றால் முழு சார்ஜ் ஏறிய பிறகு மேல் குறி வரை ஊற்றலாம். தகடு வெளியே தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தால், முதலில் தகடு மறையும் வரை மட்டும் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, பிறகு மேல் குறிக்குக் கொண்டுவர வேண்டும். காலியான பேட்டரியில் விளிம்பு வரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து அமிலம் மேலே வழியும். பச்சைக் குறியைத் தாண்டி யாரும் ஊற்றக் கூடாது.

தண்ணீர் குறைந்த செல்லில் நடக்கும் கேடு கண்ணுக்குத் தெரியாது. வெளியே தெரியும் தகட்டின் மேல்பகுதி வேலை செய்வதை நிறுத்திவிடும், காய்ந்து இறுகும். மிச்சமுள்ள பகுதி முழு வீட்டின் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். அதோடு, இருக்கிற அமிலமும் அடர்ந்துபோகும்.

எலெக்ட்ரீஷியனின் அடுத்த கவனம் டெர்மினல். நேர்முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. கையால் அசைத்தபோது லக் லேசாகச் சுற்றியது. வீட்டின் முழுச் சுமையையும் இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்தார். ஒரு முள்ளை ஈயத் தண்டின் மீதும் இன்னொன்றை அதில் மாட்டிய லக் மீதும் வைத்தார். இரண்டும் ஒட்டியிருக்கும் உலோகம், ஆகவே வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். மீட்டர் 0.6 காட்டியது.

அரை வோல்ட் சொச்சம்தானே என்று விட்டுவிட முடியாது. 28 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.6 வோல்ட் விழுந்தால் அந்த ஒரு முனையிலேயே 17 வாட் வெப்பமாகப் போகிறது. லக்கைத் தொட்டால் சூடு தெரியும். அதைவிடப் பெரிய கேடு வேறு. இன்வெர்ட்டருக்குப் பேட்டரியின் நிலை கம்பி வழியாகத்தான் தெரியும். அது சுமார் பத்தரை வோல்ட்டுக்கு இறங்கியதும் "பேட்டரி தீர்ந்தது" என்று முடிவு செய்து நின்றுவிடும். இந்த வீட்டில் அது நிற்கும்போது பேட்டரியில் உண்மையில் 11.1 வோல்ட் இருந்தது. தீராத பேட்டரியைத் தீர்ந்ததாக நினைத்து இன்வெர்ட்டர் நின்றது.

சார்ஜ் ஏறும்போது அதே தளர்வு எதிர்ப்பக்கம் ஏமாற்றும். பேட்டரிக்குள் 13.8 வோல்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டருக்கு 14-க்கு மேல் தெரியும். நிரம்பிவிட்டது என்று கரண்டைக் குறைத்துவிடும். பேட்டரி அரைவயிற்றோடு நிற்கும். ஒரே ஒரு தளர்ந்த நட், பேட்டரியைச் சீக்கிரம் இறக்கவும் செய்கிறது, நிரம்பாமல் தடுக்கவும் செய்கிறது.

இதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். மெயின் ஸ்விட்சையும் இன்வெர்ட்டரையும் நிறுத்தி, முதலில் எதிர்முனைக் கம்பி, பிறகு நேர்முனைக் கம்பி என்று கழற்ற வேண்டும். வாய் மூடிகள் இறுக மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரைப் பொடி மேல் ஊற்றினால் நுரைத்துக் கரையும். அந்தச் சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் செல்லுக்குள் போகக் கூடாது, போனால் அமிலத்தை முறித்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, உப்புத்தாளால் லக்கின் உள்பக்கத்தை மின்ன வைத்து, முதலில் நேர்முனை, பிறகு எதிர்முனை என்று மாட்ட வேண்டும். ஈயம் மெத்தென்ற உலோகம், ஆதலால் லக் அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். முழு பலத்தையும் காட்டினால் தண்டு கிழியும். மாட்டி முடித்த பிறகு மேலே வாசலின் பூச வேண்டும். மாட்டுவதற்கு முன்பு பூசினால் அதுவே இடையில் புகுந்து தடையாகிவிடும். ஸ்பேனர் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தொட்டால் தீப்பொறி பறக்கும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

டெர்மினலைச் சரிசெய்த பிறகு அந்த வீட்டில் ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. முன்னேற்றம்தான், ஆனாலும் மூன்று மணி வரவில்லை. மிச்சக் காரணம் பேட்டரிக்குள் இருந்தது.

அதைப் பார்க்க ஹைட்ரோமீட்டர் வேண்டும். மேலே ரப்பர் பந்து, கீழே கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு சின்ன மிதவை. சில நூறு ரூபாய்ப் பொருள்தான், ஆனால் பேட்டரியைப் பற்றி அது சொல்வதை இன்வெர்ட்டரின் எந்த விளக்கும் சொல்லாது. சுத்தத் தண்ணீரில் அது 1000 காட்டும். முழுசாக நிரம்பிய டியூபுலர் பேட்டரியில் ஏறக்குறைய 1240. மெக்கானிக்குகள் இதைத்தான் கிராவிட்டி என்கிறார்கள். தண்ணீர் ஊற்றிய கையோடு இதைப் பார்க்கக் கூடாது. ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்பதால் பொய்யான எண் வரும். நிரம்ப சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்த பிறகு பார்க்க வேண்டும்.

ஒரு முழு இரவு சார்ஜுக்குப் பிறகு ஆறு செல்லிலும் 1160 முதல் 1175 வரைதான் இருந்தது. இன்வெர்ட்டரின் பச்சை விளக்கோ நிரம்பிவிட்டதாகக் காட்டியது.

பேட்டரி கரண்ட் கொடுக்கும்போது அமிலத்தில் உள்ள சல்பேட் போய் ஈயத் தகடுகளில் ஒட்டி ஈய சல்பேட் ஆகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் அந்தச் சல்பேட் தகட்டை விட்டுத் திரும்ப அமிலத்தில் கலக்க வேண்டும். புதிதாகப் படிந்தது நுண்ணிய துகள், உடனே கலந்துவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அப்படியே விட்டால் துகள்கள் சேர்ந்து பெரிய கெட்டிப் படிகங்களாகும். பிறகு சாதாரண சார்ஜுக்கு அவை அசையாது. பிணைமீளாத கடன்போல, சல்பேட் தகட்டிலேயே மாட்டிக்கொள்ளும். அமிலம் நீர்த்தே கிடப்பதால் கிராவிட்டி ஏறாது. தகட்டின் பரப்பு அடைபட்டுப்போவதால், சார்ஜ் போட்ட கொஞ்ச நேரத்திலேயே மின்னழுத்தம் மளமளவென்று ஏறி "ஃபுல்" காட்டும், சுமை போட்டால் அதே வேகத்தில் சரியும். "சீக்கிரம் ஏறுது, சீக்கிரம் இறங்குது" என்று வீட்டில் சொன்னால் அது சல்பேஷனின் அடையாளம்.

ஆறு செல்லும் ஒரே மாதிரி குறைவாக இருந்தது நல்ல செய்தி. ஐந்து செல் 1230 காட்டி ஒன்று மட்டும் 1130-இல் நின்றால் அந்த ஒரு செல்லில் உள் கோளாறு, பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். எல்லாமே சேர்ந்து குறைந்திருந்தால், பேட்டரி நெடுநாளாகச் சரியாக நிரம்பவே இல்லை என்று பொருள். ஏன் நிரம்பவில்லை?

பதில் இன்வெர்ட்டரின் முதுகில் இருந்தது. அங்கே இரண்டு சின்ன ஸ்விட்ச். ஒன்று பேட்டரி வகைக்கு. முன்பு அந்த வீட்டில் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பேட்டரி இருந்தது, அதற்கான எஸ்எம்எஃப் நிலையிலேயே ஸ்விட்ச் நின்றுவிட்டது. மூடிய பேட்டரியில் வாயு அதிகம் கிளம்பக் கூடாது என்பதற்காக அந்த நிலையில் சார்ஜ் பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். டியூபுலருக்கு 14.4 அல்லது அதற்குச் சற்று மேலே தேவை. சரியான எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் இருக்கும். அந்தக் கடைசி அரை வோல்ட்தான் தகட்டின் ஆழத்தில் உள்ள சல்பேட்டைக் கரைக்கிறது. அப்போது எழும் குமிழிகள்தான், அடியில் தங்கும் கனமான அமிலத்தையும் மேலே நிற்கும் நீர்த்த அமிலத்தையும் கலக்குகின்றன. உயரமான டியூபுலர் பேட்டரிக்கு இந்தக் கலக்கல் மிக அவசியம். தவறு மறுபக்கம் நடந்தாலும் ஆபத்துதான். மூடிய பேட்டரியை டியூபுலர் நிலையில் ஓட்டினால் உள்ளிருக்கும் ஈரம் போகும், திரும்ப ஊற்ற வழியில்லை, பக்கவாட்டில் உப்பும்.

இரண்டாவது ஸ்விட்சில் யூபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலை. கம்ப்யூட்டருக்காக யாரோ அதை யூபிஎஸ்ஸில் வைத்திருந்தார்கள். அந்த நிலையில் வரும் மின்சாரம் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்குத் தாவிவிடும். நார்மல் நிலையில் சுமார் 100 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும். அந்தத் தெருவில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் 170 வோல்ட்தான் வந்தது. தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும், பக்கத்து வீட்டில் டிவி ஓடும், இந்த வீட்டு மின்விசிறிகளோ பேட்டரியில் சுற்றிக்கொண்டிருக்கும். மின்வெட்டே இல்லாத நாளிலும் பேட்டரி தினமும் காலியாகி, இரவில் அரைகுறையாக நிரம்பி, மறுநாள் மீண்டும் காலியானது. லோ வோல்டேஜ் உள்ள கிராமத்து வீடுகளிலும், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளிலும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சாயங்காலம் கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டரில் மெயின்ஸ் விளக்கு அணைந்திருந்தால் காரணம் இதுதான்.

சில மாடல்களில் சார்ஜிங் கரண்டுக்கும் தனி ஸ்விட்ச் இருக்கும். பேட்டரியின் ஏஹெச் அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு, 150-க்கு 15 ஆம்பியர். மிகக் குறைவாக வைத்தால் அடுத்த மின்தடைக்குள் நிரம்பாது. மிக அதிகமாக வைத்தால் பேட்டரி சூடாகித் தண்ணீரைத் தின்னும்.

ஸ்விட்சுகளைச் சரியான நிலைக்கு மாற்றிவிட்டு, பேட்டரியைக் கடைக்கு எடுத்துச் சென்று மெதுவாக சார்ஜ் செய்தார்கள். 7 ஆம்பியர், அதாவது வழக்கத்தில் பாதி, ஒரு நாளுக்கும் மேலாக. மூடிகள் திறந்து, காற்றோட்டமான இடத்தில், கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறினால் நிறுத்தி ஆறவிட்டு. அடுத்தடுத்து மூன்று மணி நேரம் கிராவிட்டி எண் மாறாமல் நின்றதும் முடித்தார்கள். ஆறு செல்லிலும் 1220-இலிருந்து 1230 வரை வந்திருந்தது. வீட்டில் மாட்டியபோது இரண்டு மணி இருபது நிமிடம் ஓடியது. பழைய நாலு மணி திரும்பவில்லை, திரும்பாது. கெட்டியான படிகங்களில் ஒரு பங்கு அப்படியேதான் இருக்கும். ஆனாலும் புது பேட்டரிக்கான செலவு தள்ளிப்போனது. இதே சிகிச்சையில் கிராவிட்டி 1180-ஐக்கூடத் தாண்டவில்லை என்றால் சல்பேஷன் முற்றிவிட்டது, அதற்கு மேல் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் சில கடைகளில் ஒரு குறுக்குவழி நடக்கிறது. கிராவிட்டி குறைவாக இருக்கிறது என்று அமிலம் ஊற்றிவிடுவார்கள். எண் உடனே ஏறும், பேட்டரி சில வாரம் தெம்பாக இருக்கும். ஆனால் தகட்டில் மாட்டிய சல்பேட் அங்கேயேதான் இருக்கிறது. கூடுதல் அமிலம் தகட்டை அரித்து மிச்ச ஆயுளையும் குறைக்கும். "ஆசிட் மாத்தித் தரேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

மாற்றியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் முதலில் வாரண்டி அட்டையைத் தேட வேண்டும். வாரண்டி காலத்துக்குள் இருந்தால் கடைக்காரரின் பேச்சோடு நிறுத்தாமல், கம்பெனி சர்வீஸ் ஆளை வரவழைத்து ஆறு செல்லின் கிராவிட்டியையும் எழுதி வாங்குவது நல்லது. பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. அதை விற்பதற்காக அமிலத்தைச் சாக்கடையில் கொட்டும் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கக் கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பு நிறுவனங்கள் மேல் வைத்திருக்கின்றன.

புது பேட்டரி வீட்டுக்கு வந்த அன்றே, மாட்ட வந்தவர் கிளம்புவதற்கு முன் மூன்று வேலையை முடித்துக்கொள்ளலாம். பின்பக்க ஸ்விட்ச் அந்தப் பேட்டரி வகைக்குச் சரியாக இருக்கிறதா என்று அவரையே காட்டச் சொல்ல வேண்டும். சுமை போட்டு டெர்மினலில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று அளக்கச் சொல்ல வேண்டும். முழு சார்ஜில் ஆறு செல்லின் கிராவிட்டியையும் தேதியோடு ஒரு தாளில் குறித்து பேட்டரிக்கு மேல் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். அதே தாளில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, கோடையில் மாதம் ஒரு முறை, தண்ணீர் பார்த்த தேதியை எழுதி வந்தால் எந்தச் செல் அதிகம் தண்ணீர் குடிக்கிறது என்பது ஓராண்டுக்குள் தெரிந்துவிடும். மற்ற ஐந்தைவிட ஒரு செல் மட்டும் வேகமாகக் குடித்தால், வாரண்டி முடிவதற்கு முன்பே சர்வீஸ் ஆளைக் கூப்பிட அதுவே போதுமான காரணம்.